பாய்லர் இயக்குபவர் தன் புரொஃபைலில் எதை, எப்படி எழுத வேண்டும்: முழுமையான வழிகாட்டி

ஈரோடு, பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறை, உணவு ஆலை என்று பல இடங்களில் பாய்லர் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் நான். ஆள் எடுக்கும் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. ஒருமுறை "10 டன் பாய்லர் ஓட்டியிருக்கிறேன்" என்று புரொஃபைலில் எழுதியிருந்த ஒருவரை நம்பி இரவு ஷிப்டில் தனியாக விட்டேன். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரியவில்லை, பம்பை ஓட விடட்டுமா என்று கேட்டார். நல்லவேளையாகக் கேட்டுவிட்டார். முதலில் நெருப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. பழைய ஆலையில் அவர் 10 டன் பாய்லரின் பக்கத்தில் நின்று விறகு போட்டிருக்கிறார். பொறுப்பு வேறொருவரிடம் இருந்திருக்கிறது. அவர் எழுதியதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று அந்த வரியில் இல்லை.

அந்த ஒன்று இதுதான்: எந்த இயந்திரம் உங்கள் சொந்தப் பொறுப்பில் இருந்தது, அந்தப் பொறுப்பை ஏற்க உங்கள் சான்றிதழ் இடம் கொடுத்ததா? இயந்திரப் பட்டியல், பாதுகாப்பு, லைசென்ஸ் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் புரொஃபைல் நிற்கும். இதைப் பாய்லர் வேலையை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

உதாரணத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கதையை எடுத்துக்கொள்வோம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். 2014 ஜூலையில் ஒரு சாயப்பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தார். 2017 ஆகஸ்டில் இரண்டாம் வகுப்பு பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ் வாங்கினார். அவர் என்னிடம் கொண்டுவந்த புரொஃபைலில் இருந்தது இவ்வளவுதான்: பாய்லர் ஆபரேட்டர், 11 வருட அனுபவம், 3 டன், 6 டன், 10 டன் பாய்லர், தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர், விபத்தே இல்லாத சாதனை, கடின உழைப்பாளி. இதை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து இரண்டு பேருமாக மாற்றி எழுதினோம்.

முதல் படி: எழுதுவதற்கு முன் தகவலைச் சேகரியுங்கள்

புரொஃபைலைத் திறக்காதீர்கள். ஒரு நோட்டை எடுங்கள். வேலை பார்த்த ஒவ்வொரு பாய்லருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் பாய்லரை டன் கணக்கில்தான் சொல்வோம். "ஆறு டன் வண்டி" என்றால் மணிக்கு ஆறு டன் ஸ்டீம். சரி, ஆனால் அது மட்டும் போதாது. பெயர்ப்பலகையில் உள்ள டன், 100 டிகிரி தண்ணீரை 100 டிகிரி ஸ்டீமாக மாற்றும் கணக்கில் போட்டது. ஆலையில் உண்மையில் இழுப்பது வேறு. தம்பியின் 6 டன் பாய்லரில் சராசரி இழுவை 4 டன்தான். ஆனால் சாய இயந்திரங்கள் நான்கைந்து ஒரே நேரத்தில் சூடேற ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் பிரஷர் இரண்டு கிலோ இறங்கிவிடும். அப்படிப்பட்ட லோடில் விறகு போட்டுப் பிரஷரைப் பிடித்து நிறுத்தியவர் என்பது, 6 டன் என்பதைவிடப் பெரிய தகவல். அதனால் இரண்டையும் எழுதுங்கள்: பலகையில் எவ்வளவு, ஓட்டியது எவ்வளவு.

டன்னைவிட முக்கியமானது வெப்பப் பரப்பு, அதாவது நம் பேச்சில் ஹீட்டிங் சர்ஃபேஸ். எந்த வகுப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர் எந்தப் பாய்லருக்குப் பொறுப்பேற்கலாம் என்பதை விதிகள் டன்னை வைத்துச் சொல்வதில்லை. வெப்பப் பரப்பின் சதுர மீட்டரை வைத்துத்தான் சொல்கின்றன. இரண்டாம் வகுப்புக்கு ஓர் எல்லை, முதல் வகுப்புக்கு அதைவிடப் பெரிய எல்லை. மொத்தம் 1,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் பொறுப்பில் இருக்க வேண்டும். பாய்லர் ஹவுஸில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கும் இயக்கச் சான்றிதழில் இந்தச் சதுர மீட்டர் இருக்கும். பதிவு எண், வேலைக்கு அனுமதித்த பிரஷர் எல்லாமும் அதிலேயே இருக்கும். பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஆலை என்றால் அங்கே இன்னும் வேலை செய்யும் நண்பரிடம் கேளுங்கள்.

தம்பியின் நோட்டில் மூன்று பக்கங்கள் வந்தன. 3 டன் ஸ்மோக் ட்யூப், 94 சதுர மீட்டர், பிரஷர் 10.54 கிலோ. 6 டன் ஸ்மோக் ட்யூப், 186 சதுர மீட்டர், அதே பிரஷர். இப்போது இருக்கும் ஆலையில் 10 டன், நிலக்கரியை மணல் படுகையில் மிதக்க விட்டு எரிக்கும் எஃப்.பி.சி. வகை, 340 சதுர மீட்டர், 17.5 கிலோ. 10.54 என்ற எண்ணை 10.5 என்று சுருக்க வேண்டாம். பழைய 150 பி.எஸ்.ஐ. கணக்கிலிருந்து வந்த எண் அது. அதை அப்படியே எழுதுபவர் பெயர்ப்பலகையைப் பார்த்தவர் என்று படிப்பவருக்கு உடனே தெரியும்.

அதே பக்கத்தில் எரிபொருளையும் அதைப் போட்ட முறையையும் எழுதுங்கள். கையால் விறகு போட்டீர்களா, கன்வேயரில் நிலக்கரி வந்ததா, தேங்காய் மட்டையா, முந்திரித் தோடா? விறகுப் பாய்லரில் ஆறு வருடம் இருந்தவர் எஃப்.பி.சி.க்கு வந்தால் எல்லாமே புதிது. படுகையின் வெப்பம் 800 முதல் 900 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேலே ஏறிக்கொண்டே போனால் சாம்பல் உருகிக் கட்டியாகிவிடும். கையால் விறகு போட்டவருக்கு இது பழக்கமில்லை, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஆள் எடுப்பவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

கூடவே இருந்த சாதனங்களைக் கடைசியில் எழுதிக்கொள்ளுங்கள்: சாஃப்ட்னர், எக்கனாமைசர், ஏர் ப்ரீஹீட்டர், பேக் ஃபில்டர். நீங்கள் கை வைத்தவை மட்டும். சாஃப்ட்னரை ரீஜெனரேட் செய்தவர் நீங்கள் என்றால் எழுதுங்கள். வேறொருவர் செய்து நீங்கள் பார்த்தது என்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: வருடங்களைப் பொறுப்பு வாரியாகப் பிரியுங்கள்

புரொஃபைலைத் தூக்கி நிறுத்துவது இந்தப் படிதான், ஆனால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தம்பி எழுதிய 11 வருடத்தைப் பிரித்தோம். 2014 ஜூலை முதல் 2017 ஆகஸ்ட் வரை 3 டன் பாய்லரில் ஹெல்பர். விறகு போட்டார், சாம்பல் அள்ளினார், ட்யூப் துடைத்தார். 2017 செப்டம்பர் முதல் 2019 மே வரை அதே பாய்லரில் தனிப் பொறுப்பில் ஷிப்ட், ஒரு வருடம் ஒன்பது மாதம். 2019 ஜூன் முதல் 2023 மார்ச் வரை 6 டன்னில் தனிப் பொறுப்பு, மூன்று வருடம் பத்து மாதம். 2023 ஏப்ரல் முதல் 10 டன் எஃப்.பி.சி.யில், முதல் வகுப்புக்காரருக்குக் கீழே.

ஆக, தனிப் பொறுப்பில் இருந்தது ஐந்து வருடம் ஏழு மாதம். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "அண்ணே, பதினொண்ணு போய் அஞ்சரை ஆகிடுச்சே" என்றார். நான் அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சான்றிதழ் தேதி 2017 என்று கீழே இருக்கும்போது மேலே 11 வருட ஆபரேட்டர் என்று எழுதினால், படிப்பவர் அரை நிமிடத்தில் கழித்துப் பார்த்துவிடுவார். அதற்குப் பிறகு மீதி எதையும் நம்ப மாட்டார். பிரித்து எழுதினால் மூன்று வருடம் கீழிருந்து கற்றவர், பிறகு ஐந்தரை வருடம் தாங்கியவர், இப்போது பெரிய வண்டிக்கு வந்திருப்பவர் என்று ஒரு வளர்ச்சி தெரியும்.

10 டன் விஷயத்தில் கவனம் வேண்டும். 340 சதுர மீட்டர் பாய்லரில் இரண்டாம் வகுப்புக்காரர் பொறுப்பில் இருந்ததாக எழுதினால், உங்களையும் அந்த ஆலையையும் சேர்த்தே சிக்கலில் விடுகிறீர்கள். முதல் வகுப்புக்காரரின் மேற்பார்வையில் பணி என்று எழுதுங்கள். அதன் கீழே நீங்கள் செய்வதைச் சொல்லுங்கள்: படுகை வெப்பத்தைப் பதிவது, நிலக்கரி அளவைக் கூட்டிக் குறைப்பது, சாம்பல் இறக்குவது.

புரொஃபைலில் ஒரு பாய்லருக்கு இரண்டு வரி போதும். நிறுவனங்கள் தேடுவது ஆங்கிலத்தில் என்பதால் அந்த வரிகளை ஆங்கிலத்தில் தட்டுவது நல்லது. தம்பிக்கு இப்படி எழுதினோம்:

```
6 TPH, 3-pass smoke tube, 10.54 kg/cm2, 186 m2
Firewood, manual feed. Independent shift charge,
Jun 2019 - Mar 2023. Average load 4 TPH.
```

அதற்குக் கீழே ஒரு வரி ஆண்டு ஆய்வுக்கு. பாய்லரை ஆறவிட்டு, தண்ணீர் இறக்கி, மேன்ஹோல் திறந்து, ட்யூப்களைப் பிரஷ் போட்டு, வால்வுகளைப் பிரித்து உட்காரும் முகத்தைத் தேய்த்து, புது கேஸ்கெட் போட்டு, ஹைட்ராலிக் டெஸ்ட் காட்டி, கடைசியில் ஸ்டீம் ஏற்றி சேஃப்டி வால்வு செட் செய்வது வரை எத்தனை முறை உடன் இருந்தீர்கள்? தம்பி 6 டன் பாய்லரில் மூன்று முறை செய்திருக்கிறார். அவர் அதை எழுதவே இல்லை, மெயின்டனன்ஸ் வேலைதானே என்று நினைத்திருக்கிறார். எனக்கு அது தங்கம். பாய்லரின் உள்ளே போய்ப் பார்த்தவர் வெளியே நின்று ஓட்டும்போது வேறு மாதிரி ஓட்டுவார்.

தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரைத் தனியாக எழுதினோம். அதில் சூடாவது எண்ணெய். அழுத்தத்தில் ஸ்டீம் உண்டாவதில்லை என்பதால் அது பாய்லர் சட்டத்தின் கீழ் வரும் பாய்லர் இல்லை. அதில் ஓட்டிய மாதங்களைப் பாய்லர் அனுபவத்தோடு கூட்டக் கூடாது. அதே சமயம் அதை மறைக்கவும் வேண்டாம். பல சாயப்பட்டறைகளில் ஸ்டென்டருக்கு அந்த ஹீட்டர் இருக்கிறது, இரண்டும் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள்.

மூன்றாம் படி: லைசென்ஸை மூன்று கூடையாகப் பிரியுங்கள்

நாம் எல்லாவற்றையும் சர்ட்டிபிகேட் என்றே சொல்லிவிடுகிறோம். புரொஃபைலில் அப்படிக் கலக்கக் கூடாது.

முதல் கூடையில் அரசு கொடுத்த தகுதிச் சான்றிதழ். பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ் 2011ஆம் ஆண்டு பாய்லர் அட்டெண்டன்ட் விதிகளின்படி தேர்வு வைத்துக் கொடுப்பது. தமிழ்நாட்டில் இதைப் பார்த்துக்கொள்வது பாய்லர்கள் இயக்குநரகம். இது இல்லாமல் பொறுப்பேற்க முடியாது. 1923ஆம் ஆண்டு பாய்லர் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதுச் சட்டம் வந்திருப்பதால், பழைய சட்டப் பெயரைப் புரொஃபைலில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. சான்றிதழின் பெயர், வகுப்பு, கொடுத்த அலுவலகம், தேதி போதும்.

இரண்டாம் கூடையில் படிப்பும் பயிற்சியும். ஐ.டி.ஐ. தேசியத் தொழிற் சான்றிதழ், அப்ரெண்டிஸ் சான்றிதழ், முதலுதவி, தீயணைப்புப் பயிற்சி. சில தனியார் நிலையங்கள் இரண்டு வாரம் வகுப்பெடுத்து "பாய்லர் ஆபரேட்டர் சர்ட்டிபிகேட்" என்று தங்க எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். கற்றுக்கொண்டது வீணாகாது, ஆனால் அது பயிற்சிச் சான்றிதழ்தான். அதை முதல் கூடையில் வைத்தால், தெரிந்தவர் கண்ணுக்கு ஏமாற்று போலத் தெரியும்.

மூன்றாம் கூடையில் ஆலை உங்களுக்குக் கொடுத்த உள் அனுமதிகள். ஹாட் வொர்க் பெர்மிட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம், பூட்டுப் போட்டுச் சீட்டு மாட்டும் அதிகாரம் போன்றவை. அந்த ஆலையை விட்டு வந்தால் அவை செல்லாது. ஆகவே அவற்றை லைசென்ஸ் பகுதியில் போடாமல், அந்த ஆலையின் அனுபவத்துக்குக் கீழே ஒரு வரியாக எழுதுங்கள்.

லிங்க்டுஇன் என்றால் `Licenses & certifications` என்ற பகுதியில் முதல் இரண்டு கூடைகளும் போகும். பெயர் கேட்கும் இடத்தில் சான்றிதழில் அச்சிட்டிருப்பதை எழுத்து மாறாமல் தட்டுங்கள். `Issuing organization` என்ற இடத்தில் அலுவலகத்தின் பெயர். `Expiration date` என்ற இடத்தில், சான்றிதழில் காலாவதித் தேதி இருந்தால் மட்டும் போடுங்கள். இல்லையென்றால் காலியாக விடுங்கள், நாமாக ஒரு தேதி கற்பிக்க வேண்டாம். முதலுதவிச் சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தால் புதுப்பிக்கும்வரை எடுத்துவிடுங்கள்.

`Credential ID` என்ற இடத்தில் முழு எண்ணைப் போடுவதா என்று தம்பி கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அட்டெண்டன்ட் சான்றிதழில் உங்கள் போட்டோ, தகப்பனார் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். அதன் படத்தைப் பொதுவில் போட்டால், வேறொருவர் போட்டோவை மாற்றி ஒட்டி வேலைக்குப் போக வழி திறந்து கொடுக்கிறீர்கள். எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை மறைத்துவிட்டு, அசலை நேர்காணலில் காட்டத் தயார் என்று ஒரு வரி சேர்த்தோம். உண்மையாக ஆள் தேடுபவர் அசலைத்தான் கேட்பார்.

இப்போது திரும்பிப் போய் ஒரு வேலை செய்யுங்கள். முதல் கூடையில் உள்ள தேதியையும் வகுப்பையும், இரண்டாம் படியில் எழுதிய ஒவ்வொரு தனிப் பொறுப்போடும் வைத்துப் பாருங்கள். சான்றிதழ் தேதிக்கு முந்தைய தனிப் பொறுப்பு இருக்கிறதா? வகுப்பின் எல்லையைத் தாண்டிய சதுர மீட்டர் இருக்கிறதா? இருந்தால் எழுதியதைத் திருத்துங்கள். உண்மையிலேயே அப்படித்தான் ஓட்ட வைத்தார்கள் என்றால், அந்த வரியை மேற்பார்வையில் பணி என்றும் மாற்றக் கூடாது, அது இன்னொரு பொய். அந்த மாதங்களை நிறுவனம், பதவி, காலம் என்று மட்டும் எழுதி விடுங்கள். நேரில் கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள்.

நான்காம் படி: பாதுகாப்பைச் செயலாக எழுதுங்கள்

"ஜீரோ ஆக்சிடென்ட்" என்ற வரியை அநேகமாக எல்லாப் புரொஃபைலிலும் பார்க்கிறேன். சிலர் எல்.டி.ஐ. வீதம் பூஜ்யம் என்றும் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு ஓர் ஆலைக்கானது. வேலைநாள் இழப்பை உண்டாக்கிய விபத்துகள் பத்து லட்சம் மனித மணி நேரத்துக்கு எத்தனை என்று பார்ப்பது. ஒரு மனிதர் வருடத்துக்கு 300 நாள், எட்டு மணி நேரம் வேலை செய்தால் 2,400 மணி நேரம். பத்து லட்சத்தைத் தொட அவர் 416 வருடத்துக்கு மேல் வேலை செய்ய வேண்டும். ஆகத் தனி மனிதருக்கு அந்தப் பூஜ்யம் எதையும் சொல்வதில்லை. ஆலை முழுவதும் ஒரு வருடம் விபத்தில்லாமல் இருந்தது என்றால் அது ஆலையின் பெருமை, அதில் உங்கள் பங்கு என்ன என்பதுதான் கேள்வி.

அந்தப் பங்கு உங்கள் கைப்பழக்கத்தில் இருக்கிறது. ஷிப்ட் ஏற்றவுடன் கேஜ் கிளாஸை ஊதிப் பார்த்தீர்களா? லோ லெவல் கட்-ஆஃப் வேலை செய்கிறதா என்று எத்தனை நாளுக்கொரு முறை சோதித்தீர்கள்? சேஃப்டி வால்வைக் கையால் தூக்கிப் பார்த்தீர்களா? ப்ளோடவுனை நேரம் பார்த்து விட்டீர்களா, டி.டி.எஸ். பார்த்து விட்டீர்களா? தம்பி ஓட்டிய ஸ்மோக் ட்யூப் பாய்லரில் டி.டி.எஸ். 3,500க்குள், உள்ளே போகும் தண்ணீரின் கடினத்தன்மை 5 பி.பி.எம்.க்குள் வைத்திருந்தார், ஷிப்டுக்கு இரண்டு முறை பார்த்துப் பதிவேட்டில் எழுதினார். இதைத்தான் எழுத வேண்டும். ஒன்று சொல்கிறேன், நீங்கள் செய்யாத சோதனையை எழுதாதீர்கள். கட்-ஆஃபை எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் தெரிந்துவிடும். செய்தவர், மிதவை அறையின் வடிகாலைத் திறந்து, எரிப்பு நின்றதா, மணி அடித்ததா என்று பார்த்ததைச் சொல்வார். செய்யாதவர், பேனலில் பட்டன் இருக்கிறது என்பார்.

அடுத்து ஒரு சம்பவம். ஒன்று போதும், ஆனால் நடந்ததாக இருக்க வேண்டும். தம்பி யோசித்துப் பார்த்து, 2021இல் இரவு ஷிப்டில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஃபீட் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் கேஜ் கிளாஸில் மட்டம் இறங்கிக்கொண்டு வந்தது. மாற்றுப் பம்பைப் போட்டார், அதுவும் தண்ணீர் தள்ளவில்லை. உடனே விறகு போடுவதையும் எஃப்.டி. ஃபேனையும் நிறுத்தினார். ஃபீட் டேங்கைத் தொட்டுப் பார்க்க முடியாத சூடு, மானியில் 96 டிகிரி. ஒரு சாய இயந்திரத்தின் ஸ்டீம் ட்ராப் கெட்டுப்போய், கண்டென்சேட்டுக்குப் பதிலாக நேரடி ஸ்டீம் டேங்குக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தச் சூட்டில் தண்ணீர் பம்புக்குள்ளேயே ஆவியாகி, பம்ப் வெறுமனே சுற்றியிருக்கிறது. டேங்கில் குளிர்ந்த சாஃப்ட் தண்ணீர் விட்டு 80க்கு இறக்கி, பம்பின் காற்றை வெளியேற்றி மறுபடி ஓட்டினார். மட்டம் கண்ணாடியில் தெரிந்துகொண்டிருந்ததால்தான் தண்ணீர் ஏற்றினார். கண்ணாடியை விட்டு மறைந்திருந்தால் ஏற்றியிருக்கக் கூடாது. காய்ந்து சிவந்த ட்யூபில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். மறுநாள் காலை நூலிழையில் தப்பிய சம்பவமாக எழுதிக் கொடுத்தார், ட்ராப் மாற்றினார்கள், டேங்கில் வெப்ப அலாரம் வைத்தார்கள்.

இவ்வளவு நடந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. கேட்டால், விபத்து ஆகவில்லையே அண்ணே என்றார். என் கணக்கில் அவருடைய பாதுகாப்புச் சாதனையே அதுதான். `About` பகுதியில் நான்கு வரியாக எழுதினோம்: என்ன தெரிந்தது, முதலில் எதை நிறுத்தினார், காரணம் என்னவாக இருந்தது, பிறகு என்ன மாற்றினார்கள். இந்த வரிசை முக்கியம். ஆலையின் பெயரையோ, ட்ராப்பைக் கவனிக்காத ஆளையோ குறிப்பிடவில்லை. தப்பு யாருடையது என்று புரொஃபைலில் எழுதினால், படிப்பவர் நாளை நம்மைப் பற்றியும் இவர் எழுதுவார் என்றுதான் நினைப்பார்.

சரி, உண்மையிலேயே அடிபட்டிருந்தால்? தம்பிக்கு 2018இல் கேஜ் காக்கின் பேக்கிங் தெறித்து முன்கை வெந்திருக்கிறது, நான்கு நாள் லீவு. அதை மறைத்துத்தான் ஜீரோ ஆக்சிடென்ட் என்று எழுதியிருந்தார். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போன காயம் என்றால் ஆலை அதை அரசுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், ஆவணம் எங்காவது இருக்கும். அந்தப் பொய் வரியை முதலில் நீக்கினோம். அதன் இடத்தில், 2018இல் கேஜ் காக் கசிவில் ஒரு தீக்காயம், அதன் பிறகு ஊதும்போது முகக் கவசமும் நீளக் கையுறையும் போட்டுப் பக்கவாட்டில் நின்றே செய்கிறேன் என்று எழுதினோம். எல்லோரும் இதை எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதியவரைப் பார்த்தால் நான் முதலில் கூப்பிடுவேன். எழுத மனம் வராதவர், விபத்தே இல்லை என்ற வரியையாவது எழுதாமல் விடட்டும்.

ஐந்தாம் படி: தலைப்பும் படங்களும்

தலைப்பு வரியைக் கடைசியில் எழுதுங்கள், அப்போதுதான் எதைச் சொல்வது என்று தெளிவாக இருக்கும். வகுப்பு முதலில், பிறகு தனிப் பொறுப்பில் ஓட்டிய பாய்லர், பிறகு எரிபொருள். 10 டன்னைத் தலைப்பில் போடவில்லை, அது இன்னும் அவர் பொறுப்பில் இல்லை.

```
Boiler Attendant, II Class | 3 & 6 TPH smoke tube | Firewood
```

படங்கள் போடுவதாக இருந்தால் ஆலையில் அனுமதி கேளுங்கள். பேனல் திரை, பதிவேட்டுப் பக்கம், சாயக் கூடம் எதுவும் நம் சொத்து இல்லை. அனுமதி கிடைத்தால் பெயர்ப்பலகை அருகே நீங்கள் நிற்கும் ஒரு படம் போதும். போடும் முன் உங்கள் கால், கை, தலையைப் பாருங்கள். ஹவாய் செருப்போடு ஃபர்னஸ் கதவைத் திறந்து நிற்கும் படத்தை நானே பல புரொஃபைலில் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பைப் பற்றி மேலே எழுதிய எல்லாவற்றையும் அந்த ஒரு செருப்பு அழித்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை

புரொஃபைலை அச்சடித்து, உங்களோடு ஷிப்ட் பார்த்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் அவர் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள். தம்பி தன் பழைய முதல் வகுப்பு அண்ணனிடம் கொடுத்தார். அவர் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார்: ஆண்டு ஆய்வு மூன்று முறை இல்லை, நான்கு, ஒருமுறை ட்யூப் மாற்றியபோது நீயும் இருந்தாய் என்றார். அதையும் சேர்த்தோம்.

அப்புறம், புரொஃபைலை வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். தம்பி இப்போது முதல் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். தேறினால், 10 டன் பாய்லருக்கு இன்னொரு பதிவு சேர்ப்போம், சான்றிதழ் கைக்கு வந்து ஷிப்டை ஏற்ற நாளிலிருந்து. 2023 ஏப்ரல் முதல் அதுவரை உள்ள காலம் மேற்பார்வையில் பணி என்றே கீழே இருக்கும்.